லேபுக்குப் போகாத டப்பா

மாதவிலக்கு நின்று நாலு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, நாஞ்சாரம்மாவுக்கு மிளகாய்க் களத்தில் வைத்து மறுபடி ரத்தம் பட்டது. பரப்பிக் காயவைத்த மிளகாய்க்கு நடுவில் உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருந்தவள் எழுந்தபோது, சேலையின் பின்பக்கம் சின்னதாக ஒரு கறை. பக்கத்தில் இருந்த ஓரகத்தி அதைப் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் ஓரகத்தியே இல்லை.

"அக்கா மறுபடி வயசுக்கு வந்துட்டா. பாவாகிட்டச் சொல்லுங்கடி, உக்கார வைக்கப் பச்சை ஓலை வெட்டிட்டு வரச் சொல்லி."

களமே சிரித்தது. நாஞ்சாரம்மாவும் சிரித்தாள். சும்மா சிரிக்கிற ஆள் அல்ல அவள். "ஓலை வெட்ட உங்க பாவாவுக்கு இடுப்பு வேணுமே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். இந்தப் பேச்சு சாயங்காலத்துக்குள் டீக்கடைக்குப் போய்விட்டது. அங்கே நாலு பேர் அந்தப் பாவாவை, அவள் புருஷன் கோட்டய்யாவைப் பிடித்துக்கொண்டு புதுமாப்பிள்ளை என்றார்கள். கோட்டய்யாவுக்கு வெட்கமாக இருந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பொண்டாட்டி உடம்பில் ஒரு நோய் வந்து கதவைத் தட்டியதற்கு டீக்கடையில் உட்கார்ந்து பல்லைக் காட்டியவர் அவர். ஆனால் அந்த ஊரில் வேறு எந்த ஆம்பளையும் அதைத்தான் செய்திருப்பான்.

ரத்தம் இரண்டு நாளில் நின்றது. நின்றதும் மறந்துபோனார்கள். ஒரு மாதம் கழித்துக் கொஞ்சம் பட்டது, அதுவும் நின்றது. மிளகாய் குண்டூர் மார்க்கெட் யார்டுக்குப் போகிற வரைக்கும் யாருக்கும் உடம்பைப் பார்க்க நேரமில்லை. அதற்கப்புறம் ஊர் ஆர்.எம்.பி. டாக்டர் புல்லய்யாவிடம் காட்டினார்கள். டாக்டருக்குப் படிக்காமல் ஊசி போடப் பழகியவர் புல்லய்யா. "சூட்டு உடம்பு அத்தை உங்களுக்கு. சர்க்கரை வேற இருக்கு, உடம்பும் கனம். மோரைக் குடிங்க" என்று சொல்லி, ரத்தம் நிற்க மாத்திரை கொடுத்தார். மாத்திரை தின்கிற வரைக்கும் நின்றது. நிற்பதும் குணமாவதும் ஒன்று என்று வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். இப்படியே மழைக்காலமும் போயிற்று.

கார்த்திகை மாதம் கட்டியாக விழுந்தபோதுதான் பயம் வந்தது. பக்கத்து டவுனான மண்டலத் தலைநகரில் டாக்டர் ஹைமவதியின் நர்சிங் ஹோம் இருந்தது. சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் அவர் கைதான். அவர் கையில் பிறக்காத பிள்ளை அந்தப் பக்கத்தில் குறைவு, அவர் கையில் கர்ப்பப்பையைக் கொடுக்காத பெண்களும் குறைவு. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்.

"உள்சவ்வு பதினாறு மில்லிமீட்டர் தடிச்சிருக்கு. உங்க வயசுல நாலுக்குள்ள இருக்கணும்" என்றார்.

"அப்படின்னா என்னம்மா?" என்று கோட்டய்யா கேட்டார்.

"அப்படின்னா எடுத்துடலாம். இனிமே அதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க, இன்னும் ஒண்ணு பெத்துக்கப் போறீங்களா?"

நர்ஸ் சிரித்தாள், நாஞ்சாரம்மாவும் சிரித்துவிட்டாள். அத்துடன் தீர்மானம் முடிந்தது. அந்தச் சவ்வு ஏன் தடித்தது, அதில் என்ன முளைத்திருக்கிறது என்று ஒரு கிள்ளு எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற பேச்சே வரவில்லை. டாக்டரம்மாவுக்குத் தெரியாததல்ல. படித்தபோது தெரிந்துவைத்திருந்தார். அடுத்தடுத்து எடுத்துப் பழகிய கைக்கு, எடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று தோன்ற ஆரம்பித்து ரொம்ப நாளாகியிருந்தது.

ஆபரேஷன் ஆன அன்று தியேட்டர் கதவைக் கொஞ்சம் திறந்து, ஸ்டீல் தட்டில் வைத்து நர்ஸ் காட்டினாள். அந்தப் பக்கத்தில் காட்டியே ஆக வேண்டும். காட்டாவிட்டால் வயிற்றைச் சும்மா கிழித்துத் தைத்ததாகச் சொந்தக்காரர்கள் சந்தேகப்படுவார்கள். கோட்டய்யா பார்த்தார். ஒரு கைப்பிடி அளவுதான் இருந்தது. இதற்குள்ளா இரண்டு பிள்ளைகள் கிடந்தார்கள் என்று இருந்தது அவருக்கு. நர்ஸ் அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மூக்கைச் சுடுகிற ஒரு தண்ணீரை ஊற்றி, மூடி, கேரி பையில் வைத்து அவர் கையில் கொடுத்தாள்.

"தாத்தா, இதைக் குண்டூர்ல பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லேப்ல குடுத்துடு."

எதற்கு என்று அவள் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. டாக்டரம்மா அதற்குள் அடுத்த வயிற்றைத் திறந்திருந்தார்.

கோட்டய்யாவுக்கு ஆஸ்பத்திரியில் இப்படிக் கையில் கொடுத்தது மூன்றாவது தடவை. மகள் மல்லேஸ்வரி பிறந்தபோது நஞ்சுக்கொடியைச் சட்டியில் போட்டுக் கொடுத்தார்கள், நாய் தோண்டாத ஆழத்துக்குப் புதை என்றார்கள். புதைத்தார். அதற்கு முன்னால் பிறந்த பையன் மூச்சு விடாமலே பிறந்தான். துணியில் சுற்றி அதையும் அவர் கையில்தான் கொடுத்தார்கள். வயல் ஓரத்து வேம்பு அடியில் தனியாகக் குழி வெட்டி அதையும் புதைத்தார். பொண்டாட்டி உடம்பிலிருந்து வந்ததை மண்ணுக்குக் கொடுப்பது புருஷன் வேலை என்பது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. லேபுக்காரன் இதை என்ன செய்வான், குப்பையில் போடுவான், நாய் இழுத்துப் போகும். நாஞ்சாரியுடையதை நாய் இழுக்கவா என்று நினைத்தபோது அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. குண்டூர் பஸ்ஸில் ஏறியவர் நடுவழியில் தன் ஊரிலேயே இறங்கினார். டப்பாத் தண்ணீரை வேலியோரம் கொட்டினார். வேம்பு அடியில் பையனுக்குப் பக்கத்திலேயே ஆழமாக வெட்டிப் புதைத்தார். இதை அவர் பாசத்தோடு செய்தார் என்பதுதான் கொடுமை.

தையல் பிரிக்கப் போனபோது நர்ஸ் கேட்டாள், "லேப்ல குடுத்தியா தாத்தா?"

"செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டேன்ம்மா."

அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். ரிப்போர்ட் எங்கே என்று டாக்டரம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்குத் தோண்டிப் பார்த்திருக்கலாம் என்றில்லை. ஆனால் கோட்டய்யாவுக்கு அன்றே தெரிந்திருக்கும், டாக்டரம்மாவுக்கும் பயம் வந்திருக்கும், வேறு வழியாகவாவது தேடியிருப்பார்கள்.

அடுத்த வருஷம் மிளகாய் நாற்று நடுகிற சமயம் நாஞ்சாரம்மாவுக்கு மறுபடி ரத்தம் வந்தது.

"வீட்டையே இடிச்சாச்சு, இன்னும் கூரை ஒழுகுதே" என்றாள். அவள் சொல்லியும் இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. குண்டூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த மல்லேஸ்வரி ஊருக்கு வந்து, யாரையும் கேட்காமல் அம்மாவைப் புற்றுநோய் டாக்டர் பணீந்திராவிடம் கூட்டிப் போனாள். கர்ப்பப்பை இருந்த இடத்தைத் தைத்த முனையில் ஒரு கட்டி இருந்தது. அதிலிருந்து கிள்ளிச் சோதித்தார்கள், உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு கேட்கப் போன அன்று டாக்டர் நாஞ்சாரம்மாவை மறுபடி ஒரு தடவை பார்த்தார். அவளைத் திரைக்குப் பின்னால் கட்டிலிலேயே விட்டுவிட்டு வந்து, மேஜைக்கு எதிரில் இருந்த அப்பாவிடமும் மகளிடமும் பேசினார்.

"கர்ப்பப்பை உள்சவ்வுல வர்ற புற்றுநோய். முதல் ஆபரேஷன் ரிப்போர்ட் எங்கே?"

கோட்டய்யா தரையைப் பார்த்தார்.

"அங்கதான் இருக்கும் சார், வாங்கிட்டு வர்றோம்" என்றாள் மல்லேஸ்வரி. "இது எந்தக் கட்டம் சார்?"

டாக்டர் தன் கையை முட்டியாக மடக்கிக் காட்டினார். "இதைக் கர்ப்பப்பைன்னு வெச்சுக்கம்மா. உள்ளே சவ்வு, சுத்தித் தசைச் சுவர். நோய் இதுக்குள்ளேயே இருந்தா முதல் கட்டம். அதுலயும் சுவர்ல பாதிக்குள்ள நின்னுதா, பாதியைத் தாண்டித் துளைச்சுதான்னு பார்ப்போம். கீழே அதோட கழுத்துச் சதைக்குள்ள இறங்கியிருந்தா ரெண்டு. வெளியே வந்து சினைப்பை, பிறப்புறுப்பு, நெறிக்கட்டி இதுல பிடிச்சிருந்தா மூணு. மூத்திரப்பை, குடல் இதுக்குள்ளேயே புகுந்தாலும், நுரையீரல் மாதிரி தூரத்துக்குப் போனாலும் நாலு. வெளியேருந்து பார்த்து இதை முடிவாச் சொல்ல முடியாது. எடுத்த கர்ப்பப்பையை அறுத்து, மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பார்த்துத்தான் சொல்லணும். சந்தேகம் இருந்தா நெறிக்கட்டியும் எடுத்துப் பார்ப்போம்."

"அம்மாவுக்கு?"

"முதல்ல கண்டுபிடிக்கறப்பப் போடறதுதாம்மா கட்டம். அது அப்புறம் மாறாது. இது திரும்பி வந்த நோய். முதல்ல அது எங்கே நின்னுதுன்னு அந்தக் கர்ப்பப்பையைப் பார்த்தாத்தான் தெரியும். பாதிச் சுவரைத் தாண்டியிருந்ததுன்னு தெரிஞ்சிருந்தா அப்பவே கதிர்வீச்சு வெச்சிருப்போம். நெறிக்கட்டி வரைக்கும் போயிருந்தா மருந்தும் ஏத்தியிருப்போம். இப்ப நுரையீரல்ல புள்ளி புள்ளியா இருக்கு."

"குணமாகாதா சார்?"

"அடக்கி வைக்கப் பார்க்கலாம். குணமாகும்னு சொல்ல மாட்டேன்." அவர் கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தாமலே கேட்டார். "ஆபரேஷனுக்கு முன்னால உள்ளேருந்து கிள்ளி எடுத்துப் பார்த்தாங்களா?"

"இல்ல சார், ஸ்கேன் மட்டும்தான்."

"தீட்டு நின்னு ஒரு வருஷம் ஆனவங்களுக்கு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், புற்றுநோய் இல்லைன்னு தெரியற வரைக்கும் நாங்க விடக் கூடாது. பத்துப் பேர் வந்தா ஒன்பது பேருக்கு அது இருக்காது. சவ்வு மெலிஞ்சு கசியும், சின்னச் சதை வளர்ந்திருக்கும். அந்தப் பத்தாவது ஆளுக்காகத்தான் ஓடறோம். சீக்கிரம் வந்தா பெரும்பாலும் முதல் கட்டத்துலயே பிடிச்சுடலாம், பிழைச்சுக்குவாங்க. மெல்லிசான குழாயை விட்டுக் கொஞ்சம் சவ்வு எடுக்கறது சில நிமிஷ வேலை. அதைப் பார்த்துட்டுத்தான் கத்தி. பதினாறு மில்லிமீட்டரைப் பார்த்துட்டுக் கிள்ளாம வெட்டினா, என்ன வெட்டறோம்னு தெரியாமலே வெட்டறது. அது அந்த டாக்டர் பண்ணின தப்பு."

கோட்டய்யாவுக்கு இதில் பாதி விளங்கவில்லை. டப்பாவுக்குள் இருந்ததில்தான் எல்லாம் எழுதியிருந்தது என்பது மட்டும் விளங்கியது. அவர் அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திரைக்கு அந்தப் பக்கம் நாஞ்சாரி இருக்கிறாள் என்ற பயத்தில் மூடிக்கொண்டார். அவள் செத்துப்போவாள் என்று கேட்ட அந்த நேரத்திலும், அவள் தன்னை என்ன நினைப்பாள் என்பதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

மறுநாள் மூன்று பேருமாக ஹைமவதியிடம் போனார்கள். ரிப்போர்ட் வேண்டும் என்றும், ஆபரேஷனுக்கு முன்னால் சதை எடுத்தார்களா என்று குண்டூர் டாக்டர் கேட்கிறார் என்றும் மல்லேஸ்வரி சொன்னாள். இரண்டாவது கேள்வியைக் கேட்டதும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. அவர் கெட்டவர் அல்ல. ஆனால் அந்த நர்சிங் ஹோமைத் தனியாளாக நின்று கட்டியவர், வெளியே பெஞ்சில் இருபது பெண்கள் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் கோட்டய்யா பக்கம் திரும்பினார்.

"உங்க கையில டப்பா குடுத்தோமே, அது எங்கே?"

"அம்மா..."

"லேப்ல குடுத்தீங்களா இல்லையா?"

"புதைச்சுட்டேன்ம்மா. வயல்ல, பையன் பக்கத்துல."

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பாரம் இறங்கியது பார்க்கத் தெரிந்தது.

"கேட்டீங்களாம்மா? நான் சோதனைக்குத்தான் அனுப்பினேன். என் கடமையை நான் செஞ்சேன். அந்த டப்பா லேபுக்குப் போயிருந்தா அன்னிக்கே நோய் தெரிஞ்சிருக்கும், நீங்க இன்னிக்கு வீட்டுல உக்காந்து மிளகாய் கிள்ளிக்கிட்டு இருந்திருப்பீங்க. உங்க வீட்டுக்காரர் கர்ப்பப்பையைப் புதைக்கலை, உங்களைப் புதைச்சிருக்கார்."

சொன்னதில் பொய் அதிகமில்லை, அதனால்தான் அது அப்படி வெட்டியது. மல்லேஸ்வரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நாஞ்சாரம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தி, எழுந்து, டாக்டரம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நீங்கதான் தாயே என்னைப் பார்த்துக்கணும். கட்டினவன் இப்படிப் பண்ணிட்டான்."

ஆட்டோவில் ஏறும்போது கோட்டய்யா பக்கத்தில் உட்காரப் போனார். "முன்னால போ" என்றாள். அவர் டிரைவர் பக்கத்தில் அரை ஆளாகத் தொங்கிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அவள் அவர் கையால் சோறு வாங்கவில்லை, தண்ணீர் வாங்கவில்லை.

குண்டூரில் மருந்து ஏற்றினார்கள். மயிர் கொட்டியது, கொஞ்ச நாள் ரத்தம் நின்றது, அப்புறம் உடம்பு தாங்காது என்று நிறுத்திவிட்டார்கள். வலிக்குக் குண்டூரில் கொடுத்த மருந்தைத் தீரத் தீரத் தானே வாங்கிக்கொண்டு, ஹைமவதி தன் காரிலேயே வந்து பார்த்தார், ஊசி போட்டார். காசு வாங்கவில்லை. இவரைப் போல ஒரு தெய்வம் உண்டா என்று ஊர் பேசியது. கோட்டய்யாவைப் பற்றி ஊர் என்ன பேசியது என்று சொல்ல வேண்டியதில்லை. டீக்கடையில் புதுமாப்பிள்ளை என்றவர்களே இப்போது அவர் வந்தால் பேச்சை மாற்றினார்கள்.

நாஞ்சாரம்மாவின் வாய் மட்டும் மெலியவில்லை. யார் பார்க்க வந்தாலும் கதையை முதலிலிருந்து சொன்னாள். "என் கர்ப்பப்பைக்குக் கருமாதி பண்ணிட்டு வந்து என் பக்கத்துலயே படுத்தவர் இவர். ஒரு வார்த்தை சொல்லலை." வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கோட்டய்யா வாசலில் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருப்பார். குழை கட்டி முடிந்த பிறகும் கட்டிக்கொண்டேயிருப்பார்.

ஒருநாள் மல்லேஸ்வரியைக் கிணற்றடியில் தனியாகப் பிடித்தார்.

"மல்லீ, குண்டூர் டாக்டர் அந்தம்மாவோட தப்புன்னும் ஒண்ணு சொன்னாரே. அதை உங்கம்மாகிட்டச் சொல்லேன்."

"சொல்லி?"

"நான் பண்ணினது தப்புதான். இல்லைங்கலை. ஆனா மொத்தத்தையும் நான் பண்ணலைன்னு அவளுக்குத் தெரியணும். அவ போறதுக்குள்ள ஒரு வாய் தண்ணி என் கையால வாங்கினாப் போதும். வேற எதுவும் வேண்டாம்."

மல்லேஸ்வரி வாளியை இறக்கி ஒரு குடம் நிரப்பினாள். "சரி நான்னா" என்றாள் அப்பாவிடம். சொன்னாளே தவிர, நாளைத் தள்ளிக்கொண்டே போனாள். கடைசியில் ஒரு மத்தியானம் அம்மாவுக்குச் சோற்றில் கோங்குராக் கீரையைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தாள். கோட்டய்யா ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

"அம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். டாக்டரம்மா முதல்லயே கிள்ளி எடுத்துப் பார்த்திருக்கணும். பார்க்காமலே வெட்டிட்டாங்க. அப்புறம் ரிப்போர்ட்டும் கேட்கலை. எல்லாத்தையும் நான்னா தலையில மட்டும் போடறது நியாயமில்லை."

"தெரியும்டி."

"என்ன தெரியும்?"

"அந்த டாக்டர் சொன்னப்ப நான் திரைக்குப் பின்னாலதானே கிடந்தேன். புத்து காதுலயா வந்திருக்கு?"

மல்லேஸ்வரியின் கை சோற்றில் நின்றுவிட்டது.

"தெரிஞ்சா ஏம்மா அவரை இப்படி..."

"வலி வந்தா யாரு வர்றா? அந்தம்மாதான் வர்றா. 'நீ கிள்ளிப் பார்க்காம வெட்டினியே'ன்னு அவளைக் கேட்டுட்டா, நாளைக்கு ஊசியை எடுத்துக்கிட்டு வருவாளா? எனக்கும் கோபம் இருக்குடி. வயிறு எரியுது. எங்கேயாவது கொட்டணும். உங்க நான்னாமேல எத்தனை கொட்டினாலும் அந்த ஆளு எங்கயும் போகமாட்டார். சோறு ஊட்டு."

கேட்டதும் கோட்டய்யாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை எப்படிச் சொல்ல. அவளுக்குத் தெரிந்திருக்கிறது, முழுக்கத் தெரிந்திருக்கிறது, தன்னை மட்டும் கொலைகாரன் என்று அவள் நினைக்கவில்லை. ஓடிப்போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு, சொம்பை வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். கட்டிலருகே போய் நின்றார். நாஞ்சாரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலில் நின்றது இவர்தான் என்று புரிந்துவிட்டது. முகத்தில் ஏதோ இளகியது. கை மெதுவாகச் சொம்பை நோக்கி வந்தது, விரல் சொம்பில் பட்டும்விட்டது.

வாசலில் கார் நின்றது. டாக்டரம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

நாஞ்சாரம்மா சொம்பைத் தட்டிவிட்டாள். தண்ணீர் கோட்டய்யாவின் காலில் கொட்டியது.

"கொன்னவன் கையால எனக்குத் தண்ணி வேண்டாம்" என்றாள், வந்தவருக்கு நன்றாகக் கேட்கிற மாதிரி. "இந்த ஆளை வெளியே போகச் சொல்லுங்க தாயே."

"ஏங்க அவங்களை இந்த நிலைமையிலயும் படுத்தறீங்க" என்றார் ஹைமவதி, ஊசியை எடுத்துக்கொண்டே. "வெளியே இருங்க கொஞ்சம்."

கோட்டய்யா மகளைப் பார்த்தார். மல்லேஸ்வரி கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொம்பைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

உள்ளே ஊசி போட்டு முடிந்த பிறகு நாஞ்சாரம்மாவின் குரல் கேட்டது. கல்யாணமான புதிதில் அவரிடம் பேசிய குரல்.

"நாளைக்கும் வருவீங்கதானே தாயே?"

"வராம இருப்பேனா" என்றார் டாக்டரம்மா.

வாசலில் ஆடுகள் கார்ச் சக்கரத்தை முகர்ந்துகொண்டிருந்தன. கார் அழுக்காகிவிடக் கூடாது என்று கோட்டய்யா அவற்றை விரட்டிக்கொண்டு நின்றார்.